துரு விழுந்த எழுத்து

பதினாறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த பிறகு, எனக்கு வேறு எந்த வேலையும் வராது என்றுதான் நினைத்திருந்தேன். தைத்து வரும் துணியை விரித்து, தையல் விட்ட இடம், ஓட்டை, எண்ணெய்க் கறை என்று தேடித் தேடி ஸ்டிக்கர் ஒட்டும் வேலை. நாற்பத்தைந்து வயதில் முழங்கால் நிற்க மறுத்தபோது, நல்லூரில் ஒரு தையல் யூனிட்டின் மாடியில் இருந்த வாசகசாலையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று இருப்பதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். பழைய காகிதங்களைக் கணினியில் ஏற்றுகிறார்கள், எழுத்துப் பிழை பார்க்க ஆள் வேண்டுமாம். நான் கோவில்பட்டிப் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தவள். தமிழில் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டம் அதுவரை எதற்கும் உதவியதில்லை.

வாசகசாலையை ஒரு சிறிய அறக்கட்டளை நடத்துகிறது. இந்தப் பக்கத்து ஆலைகள், தொழிலாளர்கள் பற்றிய துண்டறிக்கை, கடிதம், விசாரணைக் குறிப்பு என்று யார் வீட்டுப் பரணிலிருந்தாவது வரும் காகிதங்களை வாங்கிச் சேர்ப்பார்கள். அங்கே நாங்கள் மூன்று பேர். பொறுப்பாளர் ஐம்பதைத் தொடும் மனிதர், முன்பு கல்லூரி நூலகத்தில் இருந்தவர். ஸ்கேன் செய்பவள் அவிநாசிப் பக்கத்துக்காரி, என்னைவிட நான்கு வயது இளையவள். மூன்றாவது நான்.

வேலை இப்படித்தான் நடக்கும். அவள் ஒவ்வொரு தாளையும் படமெடுப்பாள். அந்தப் படத்திலிருக்கும் எழுத்துகளை ஒரு மென்பொருள் படித்து, திருத்தவும் தேடவும் கூடிய எழுத்தாக மாற்றித் தரும். திரையின் இடப்பக்கம் தாளின் படம், வலப்பக்கம் மென்பொருள் படித்தது. இரண்டையும் ஒப்பிட்டு, மென்பொருள் தவறாகப் படித்ததை நான் திருத்துவேன். படமும் எழுத்தும் சேர்ந்து ஒரே கோப்பாக ஆவணத் தொகுப்புக்குள் போகும். போன பிறகு அது பூட்டிய மாதிரி. திருத்த வேண்டுமானால் காரணம் எழுதி, புதிய பதிப்பாக ஏற்ற வேண்டும்.

சேர்ந்த முதல் வாரம் பொறுப்பாளர் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார். "மெஷின் தப்பாப் படிச்சதை மட்டும் திருத்துங்க. டைப் அடிச்சவர் தப்பா அடிச்சிருந்தா அது அப்படியே இருக்கோணும். நாம ஆசிரியர் இல்லீங்க."

அது சொல்ல எளிது. 'நடவடிக்கை' என்பதைத் தட்டச்சாளர் பக்கத்துக்குப் பக்கம் 'நடவெடிக்கை' என்றே அடித்திருந்தால் என் விரல் துடிக்கும். இருந்தாலும் விட்டுவிடப் பழகினேன்.

தட்டச்சுத் தமிழை மென்பொருள் படுத்தும் பாட்டைச் சொல்லி மாளாது. மெய்யெழுத்தின் புள்ளி மங்கியிருந்தால் அப்படியே விழுங்கிவிடும். 'ஏ'யின் கால் தேய்ந்திருந்தால் 'எ' என்று எடுத்துக்கொள்ளும். 'ர' என்ற எழுத்தின் கீழ்க்கோடு மங்கினால் மென்பொருளுக்கு அது துணைக்கால். அதனால் தாராபுரம் என்ற ஊர் எங்கள் திரையில் ஐந்தாறு விதமாக வந்திருக்கிறது. நல்லூர் இன்னும் மோசம். கடைசி 'ர்' என்ற எழுத்தைத் துணைக்காலாகவும் மேலே ஒரு புள்ளியாகவும் மென்பொருள் பதிந்து வைக்கும். திரையில் பார்த்தால் துளி வித்தியாசம் தெரியாது. ஆனால் யாராவது நல்லூர் என்று தேடினால் அந்தப் பக்கம் வரவே வராது. இருந்தும் இல்லாத ஊராகிவிடும்.

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. அகராதியில் இல்லாத சொல்லின் கீழ் சிவப்பு நெளிகோடு விழும், நான் போய் நிற்பேன், சரி செய்வேன். துணியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது கோடு ஒட்டிய சொற்கள் வந்தன. அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த அறிக்கை வந்தது ஆடி மாதக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டிருந்த நாட்களில். தாராபுரம் சாலையில் ஒரு ஜின்னிங் ஆலை இருந்ததாம், பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஆலை. நாற்பது ஆண்டுக்கும் முன்னால் ஒரு பகல் வேளையில் அங்கே பஞ்சு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அதைப் பற்றி ஒரு வழக்கறிஞரும் இரண்டு ஆசிரியர்களும் சங்கத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்து ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதிய அறிக்கை. தட்டச்சில் அறுபத்து நான்கு தாள். வழக்கறிஞரின் குடும்பத்தார் வீடு மாற்றும்போது கொண்டுவந்து கொடுத்தார்கள். சாட்சிகளின் பெயர் எங்கும் இல்லை. முதல் சாட்சி, இரண்டாம் சாட்சி என்று எண்கள்தான். தாள்களின் இடது ஓரத்தில் குத்தியிருந்த குண்டூசிகள் துருப்பிடித்து, சில பக்கங்களில் நேர்கோடாகத் தவிட்டு நிறக் கறை இறங்கியிருந்தது.

அதை நான் இரண்டு வாரத்தில் முடித்தேன். முடித்துவிட்டதாகத்தான் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர், தொகுப்பில் ஏற்றுவதற்கு முன்பு அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள் யாராவது புகைப்படம் வைத்திருந்தால் தரலாம் என்று வாட்ஸப்பில் ஓர் அறிவிப்பு போட்டார். அது எங்கெங்கோ சுற்றியிருக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். படியேறி ஓர் அம்மா வந்து நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நூல் சேலை, கையில் ஒரு ஒயர் கூடை. மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

"மூலனூர்ல இருந்து வாறனுங்க அம்மிணி. மருமவ போன்ல இந்த ஆபீசு போட்ட சேதி வந்துச்சுங்க. போட்டோ எல்லாம் எங்ககிட்ட இல்லீங்க. எங்கய்யன் அங்க வாட்ச்மேனா இருந்தாருங்க. அந்தப் புஸ்தகத்துல அவரைப் பத்தி என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"அப்பா இருக்காங்களாம்மா?" என்றேன்.

"இல்லீங்க. போயி இருவது வருசத்துக்கு மேலாச்சுங்க."

பொறுப்பாளர் அன்று கோவைக்குப் போயிருந்தார். அறிக்கையில் ரகசியம் எதுவும் இல்லை, எப்படியும் ஊருக்குப் பொதுவாக வைக்கப்போவதுதான். கணினியில் 'காவலாளி' என்று தேடினேன். இரண்டு இடம் காட்டியது. இரண்டே இடமா என்ற யோசனை அப்போது எனக்கு வரவில்லை. முதலாவதை வாசித்தேன். ஒன்பதாம் பக்கம். முதலாளியின் உத்தரவுப்படி வேலை நேரத்தில் வெளிக்கதவைக் காவலாளி பூட்டி வைப்பது வழக்கம் என்றிருந்தது.

அந்த அம்மா தலையாட்டினார். "ஆமாங்க. பூட்டுனது அவர்தானுங்க. அது எங்களுக்குத் தெரியுமுங்க. அவரே சொல்லீட்டே இருப்பாருங்க."

இரண்டாவது இருபத்திரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில் தொடங்கி இருபத்து மூன்றின் முதல் சொல்லில் முடிந்தது. நான் வாசித்தேன். "மேற்குக் கொட்டகையில் புகை எழுந்ததைக் கண்டதும் காவலாளி ஓடிச்சென்று வெளிக்கதவை அடைத்தார்."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்பது எனக்கே உறைத்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொகையைப் பாத்ததுக்கப்பறமுங்களா?"

நான் மறுபடி திரையைப் பார்த்தேன். "அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"ஊர்ல பூட்டுனதைத்தான் பேசுவாங்க. இப்படி யாரும் சொன்னதில்லீங்க." கீழே தையல் மெஷின்கள் ஓடும் சத்தம் மட்டும் தரை வழியாக வந்தது. பிறகு எழுந்து கூடையை எடுத்துக்கொண்டார். "சரிங்க அம்மிணி. எழுதுனவங்க பொய்யா எழுதுவாங்க? பஸ் இருக்குதுங்களான்னு பாக்கறேன்." கோப்பின் குறிப்பில் அப்பாவின் பெயரோ ஊரோ சேர்க்க வேண்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று கையை அசைத்தார். தொடர்புக்கு என்று மருமகளின் போன் எண்ணை மட்டும் வாங்கி வைத்தேன். படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். ஸ்கேன் செய்பவளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க்கா, அந்த ரிப்போர்ட்ல ஒரு பொம்பளைக்குக் கால்ல கிழிச்சுதுன்னு வருமே? நீங்ககூட அன்னிக்கு எனக்குப் படிச்சுக் காமிச்சீங்க."

நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். முப்பத்திரண்டாம் பக்கம், பதினேழாம் சாட்சி. 'உடைந்து கிடந்த கதவின் தாழ்ப்பாள் என் காலைக் கிழித்தது. நாங்கள் அதன்மேல் ஏறி வெளியே வந்தோம்.' இதை நான் திருத்தியது இருபத்து மூன்றாம் பக்கம் முடித்து மூன்று நாள் கழித்து. இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனித் துணியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

அடைத்த கதவு எப்படி உடைந்து கிடக்கும்?

இருபத்து மூன்றாம் பக்கத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கினேன். முதல் வரி, முதல் சொல், முதல் எழுத்து. இடது ஓரத்துக் குண்டூசியின் துரு அந்த எழுத்தின் வலப்பக்கத்தின் மேல் செங்குத்தாக இறங்கியிருந்தது. மை மங்கல். துருவோடு சேர்த்துப் பார்த்தால் அது 'அ'. துருவை எடுத்துவிட்டு யோசித்தால் 'உ'வாகவும் இருக்கலாம். மென்பொருளுக்குக் கறை எது, மை எது என்று தெரியாது. செங்குத்தாக ஒரு கோடு கண்டதும் அதை 'அ'வின் தண்டாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 'அடைத்தார்' நல்ல தமிழ்ச் சொல், அகராதியில் இருக்கிறது, அதனால் சிவப்புக் கோடு விழவில்லை. கோடு விழாத இடத்தில் நான் நிற்கவில்லை.

ஓர் எழுத்துதான். அந்த அம்மா பாதி வழி போயிருப்பார்.

உடனே போன் செய்ய எடுத்தேன். ஸ்கேன் செய்பவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க இப்பக் கூப்பிட்டு என்ன சொல்லுவீங்க? இருக்கலாம்னா? நாளைக்கு அது 'அ'தான்னு ஆச்சுன்னா அந்தம்மா ரெண்டாந்தரம் கேக்கோணுமே." அவள் சொன்னது சரி. போனை வைத்துவிட்டேன். வைத்தது என்னவோ எளிதாக இல்லை.

மறுநாள் காலை பொறுப்பாளரிடம் சொன்னேன். என் பிழை என்று சொல்லித்தான் தொடங்கினேன். அவர் படத்தைப் பார்த்தார், தாளை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"உடைத்தார்னுதான் இருக்கோணும்னு எனக்கும் தோணுது," என்றார். "ஆனா தோணுறதைப் பதிய முடியாதுங்க. கிழிச்ச தாழ்ப்பாளை வெச்சு எழுத்தை மாத்துனா, அது நாம கதையைத் திருத்துன மாதிரி. தாள்ல என்ன இருக்குதுன்னு தெரியலீன்னா, சதுர அடைப்புக்குள்ள கேள்விக்குறி போட்டு, தெளிவில்லைன்னு எழுதீருவோம்."

"கேள்விக்குறியைக் கொண்டுபோய் அந்தம்மாகிட்ட எப்படி சார் காட்டுறது?"

"அதுக்கு நான் என்ன பண்றதுங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது.

முதலில் அதிகத் துல்லியத்தில் மறுபடி ஸ்கேன் செய்து பார்த்தோம். துரு இன்னும் துல்லியமாகத் தெரிந்தது. நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்து, சிவப்பை மட்டும் வைத்துப் பார்த்தாள் அவள். துரு கொஞ்சம் வெளுத்தது. அடியிலிருந்த மையும் கூடவே கரைந்தது. பிறகு எனக்கு ஒரு யோசனை. கீழே தையல் யூனிட்டில் செக்கிங் டேபிள் உண்டு, கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் எரியும் மேசை. துணியை விரித்தால் ஊசி ஓட்டைகூடத் தெரியும். யூனிட் மேனேஜரிடம் கேட்டுத் தாளை எடுத்துப்போய் அதில் வைத்தோம். செக்கிங் பார்த்துக்கொண்டிருந்த ஒடிசாப் பெண் ஒருத்தி ஒதுங்கி நின்று, காகிதத்தில் இவர்கள் என்ன ஓட்டை தேடுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்தாள். வெளிச்சம் தாளை ஊடுருவியதும் துரு முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

தாளைத் திரும்ப எடுக்கும்போது என் விரல் அதன் பின்பக்கத்தில் பட்டது. சொரசொரவென்றிருந்தது.

செக்கிங்கில் இருக்கும்போது கண்ணுக்குப் பிடிபடாததை விரலால் தடவிப் பார்ப்போம். நூல் தடித்த இடம் விரலுக்குத்தான் முதலில் தெரியும். இந்தத் தாளைத் தடவியபோது எழுத்து எழுத்தாக மேடு தட்டியது. அது கார்பன் பிரதி அல்ல. தட்டச்சு எந்திரத்தில் மேல் தாளாக இருந்தது. அச்சு நேராக இதன்மேல் விழுந்து குத்தியிருக்கிறது. துரு மையின் மேல்தான் படர்ந்திருக்கிறது, பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது.

மாடிக்கு ஓடிவந்து ஜன்னல்களைச் சாத்தினோம். மேசையில் கறுப்புத் துணி விரித்து, தாளைக் கவிழ்த்து வைத்தோம். பொறுப்பாளர் தன் போனின் டார்ச்சைப் போட்டு, மேசையோடு மேசையாகத் தாழ்த்திப் பிடித்தார். மேலேயிருந்து வெளிச்சம் விழுந்தால் தாள் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழுந்தால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் நீளும். தாளின் பின்பக்கம் முழுக்க எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் வலம் இடம் மாறிப் புடைத்து எழும்பின.

ஸ்கேன் செய்பவள் அதைப் படமெடுத்து, கணினியில் போட்டு இடவலமாகத் திருப்பினாள். முதல் எழுத்து. ஒரு சுழி. சுழியிலிருந்து கீழே இறங்கும் வளைவு. அடியில் வலப்பக்கமாகப் போகும் படுக்கைக் கோடு. தண்டு இல்லை.

பொறுப்பாளர், "இதே பக்கத்துல வேற 'அ' இருக்குதுங்களா, அதையும் எடுங்க," என்றார். ஏழாவது வரியில் 'அவர்கள்' இருந்தது. அதையும் பின்பக்கத்தில் எடுத்தோம். அந்த எந்திரத்தில் 'அ'வின் தண்டுதான் எல்லாவற்றையும்விட ஆழமாகக் குத்தியிருந்தது. பதினான்காவது வரியில் ஓர் 'உள்ளே'. அதன் 'உ', நம் 'உ'வின் மேல் வைத்த மாதிரி பொருந்தியது.

"இனி சரிங்க," என்றார். "மாத்துங்க."

நான் 'அ'வை அழித்து 'உ'வை அடித்தேன். விசைப்பலகையில் ஒரு தட்டு.

குறிப்பும் எழுதினோம். பக்கம் இருபத்து மூன்று, முதல் சொல், முதல் எழுத்து துருக்கறையால் மறைந்துள்ளது, தாளின் பின்புறப் பதிவைக் கொண்டு படிக்கப்பட்டது என்று. பின்பக்கப் படங்களையும் கோப்போடு சேர்த்தோம். நாளைக்கு யாராவது சந்தேகப்பட்டால் எங்களை நம்ப வேண்டியதில்லை, அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

அன்றைக்கே போன் செய்ய நினைத்தேன். பொறுப்பாளர்தான், "மொத்தத்தையும் ஒருக்கா வாய்விட்டுப் படிச்சிருவோமுங்க. அவரைப் பத்தி வேற எங்காச்சும் இருந்தா?" என்றார். இரண்டே இடம் காட்டியது எனக்கு அப்போதுதான் இடித்தது.

வியாழனும் வெள்ளியும் அதே வேலை. தட்டச்சுத் தாளைக் கையில் வைத்து அவள் வாசிப்பாள், திரையில் நான் பின்தொடர்வேன். கண்ணால் ஒப்பிடும்போது மனது முந்திப்போய்ச் சொல்லை முடித்துவிடுகிறது. காதில் விழும்போது அப்படி ஓட முடிவதில்லை. சிவப்புக் கோடு விழாத பிழைகள் இன்னும் ஒன்பது வந்தன. 'பணி நேரம்' என்பது 'பனி நேரம்' ஆகியிருந்தது. பஞ்சின் 'தரம்' என்பது 'தாம்' என்றிருந்தது. ஒருவர் 'கூறினார்' என்பது பலர் 'கூறினர்' ஆகியிருந்தது. ஒவ்வொன்றும் நான் ஏற்கெனவே பார்த்து அனுப்பிய பக்கம். ஒன்பது முறையும் அவள் நிறுத்தினாள். ஒரு முறைகூட என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதற்காக அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அவள் நிறுத்தி, தாளை என் பக்கம் நீட்டினாள். அங்கே 'காவலாளி' இருந்தார். மென்பொருள் முதல் எழுத்தான 'க'வை, அதே உருவம் கொண்ட பழைய தமிழ் எண் ஒன்றாகப் பதிந்திருந்தது. திரையில் சொல் சரியாகத்தான் தெரிந்தது. தேடினால் மட்டும் வராது; எண் கலந்த சொல் என்பதால் சிவப்புக் கோடும் விழவில்லை. இருபத்து மூன்றாம் சாட்சியின் வாக்குமூலம். 'சாவி முதலாளியின் அறையில் இருந்தது. காவலாளி தோளால் மோதினார். மூன்றாம் முறை கதவு விழுந்தது. பிறகு அவர் உள்ளே வந்து எங்களைத் தள்ளிவிட்டார். வடக்கு மூலையில் இருந்தவர்களிடம் போக முடியவில்லை.'

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மருமகளின் எண்ணுக்குப் பேசினேன். திருப்பூருக்கு இன்னொரு தடவை வரச்சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே வருகிறேன் என்றேன். ஞாயிறு காலை தாராபுரம் பஸ் ஏறி, அங்கிருந்து மூலனூர் பஸ். கைப்பையில் மூன்று தாள்கள். நாற்பத்தொன்றாம் பக்கத்தின் படம், இருபத்து மூன்றாம் பக்கத்தின் முதல் வரியைப் பெரிதாக்கிய படம், பின்பக்க எழுத்தின் படம்.

ஊருக்கு வெளியே முருங்கைத் தோட்டத்தின் நடுவில் ஓட்டு வீடு. அந்த அம்மா காயைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, "ஊட்டுக்குள்ள வாங்க அம்மிணி," என்றார். முகத்தில் எதையும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. மோர் கொடுத்தார். குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அம்மா, அன்னைக்கு நான் உங்களுக்குத் தப்பா வாசிச்சுட்டேன்," என்றேன். "மெஷின் ஓர் எழுத்தைத் தப்பா எடுத்திருந்துச்சு. அதை நான் பார்த்திருக்கணும். பார்க்கல. அடைத்தார்னு இல்லம்மா. உடைத்தார்."

அவர் புரியாமல் பார்த்தார். தாளை எடுத்துக் காட்டினேன். துருக்கோட்டைக் காட்டினேன், பின்பக்கப் படத்தைக் காட்டினேன். பிறகு நாற்பத்தொன்றாம் பக்கத்தை நிதானமாக வாசித்தேன். தோளால் மோதினார் என்ற இடத்தில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எந்தத் தோளுன்னு போட்டிருக்குதுங்களா?"

"இல்லம்மா. தோள்னுதான் இருக்கு."

"அவருக்கு வலக்கையைத் தலைக்கு மேல தூக்க வராதுங்க. கடைசி வரைக்கும் எங்கம்மாதான் சட்டை மாட்டி உடுவாங்க. கேட்டா, மூட்டை தூக்கி உளுக்கிக்கிச்சும்பாரு." தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "பூட்டுனதை மட்டும் சொல்லுவாருங்க. நாந்தான் பூட்டுனேன், நாந்தான் பூட்டுனேன்னு. ஒடைச்சதைச் சொல்லவே இல்லீங்களே."

வடக்கு மூலையில் இருந்தவர்களிடம் போக முடியவில்லை என்ற வரியையும் நான் வாசித்திருந்தேன். காவலாளி ஏன் அதைச் சொல்லவில்லை என்பதற்கு அது காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அறிக்கையில் அது இல்லை.

"பூட்டுனதும் அதுல இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்கும்மா. அதை எடுக்க முடியாது. முதலாளி சொல்லிப் பூட்டினார்னு இருக்கு."

"எடுக்க வேண்டாமுங்க. அதும் இருக்கட்டும். அது நெசந்தானுங்க."

எழுந்துபோய் மூக்குக் கண்ணாடியை எடுத்து வந்தார். மூணாம் கிளாஸ் வரைக்கும் படித்ததாகச் சொன்னார். அதுக்கப்புறம் பஸ்சில் போர்டு பார்க்கத்தான் எழுத்து உதவியதாம். பெரிதாக்கிய தாளை மடியில் வைத்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். முதல் எழுத்தில் நெடுநேரம் நின்றார். பின்பக்கப் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார், நாங்கள் மேசையில் பார்த்த மாதிரியே.

"உ," என்றார். "டை. த். தா. ர்."

பிறகு சேர்த்துச் சொன்னார். இன்னொரு தடவை சொன்னார். சமையல் கட்டிலிருந்து மருமகள் வந்து நிலைப்படியில் நின்றாள். அவளையும் உட்காரச் சொல்லி, விரலை வைத்து அந்தச் சொல்லைக் காட்டினார்.

நான்கு மணி பஸ்சுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார். வழியில், அதை யார் டைப் அடித்தது என்று கேட்டார். தெரியாது, அறிக்கையில் அந்தப் பெயரும் இல்லை என்றேன்.

"நல்லா அமுத்தி அடிச்சிருக்காங்க," என்றார். பஸ் வந்தது. திங்கட்கிழமை மதியம் கோப்பைத் தொகுப்பில் ஏற்றினோம்.